மரத்தைப் பிளப்பதும் மறுபடி சேர்ப்பதும்

தேடல் மரம் என்பது எண்களையோ பெயர்களையோ வரிசை குலையாமல் கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு முறை. மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மதிப்பு இருக்கும். அதற்குச் சாவி என்று பெயர். ஒரு கணுவுக்கு இடப்பக்கம் தொங்கும் சாவிகள் எல்லாம் அதைவிடச் சிறியவை, வலப்பக்கம் தொங்குபவை எல்லாம் பெரியவை. உச்சியில் இருக்கும் கணுதான் வேர். ஒரு சாவியைத் தேட வேண்டுமானால் வேரில் தொடங்கி, சிறியது என்றால் இடம், பெரியது என்றால் வலம் என்று இறங்கிக்கொண்டே போனால் போதும். இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக விரிந்த மரத்தில் 10 லட்சம் சாவிகள் இருந்தாலும் சுமார் 20 படி இறங்கினால் எந்தச் சாவியையும் எட்டிவிடலாம்.

தேடுவது, புதிதாக ஒன்றை நுழைப்பது, ஒன்றை நீக்குவது ஆகிய மூன்றையும் எல்லாப் பாடநூல்களும் சொல்லிக்கொடுக்கின்றன. அதிகம் பேசப்படாத இரண்டு வேலைகள் உண்டு. ஒரு மரத்தை ஒரு சாவியின் இடத்தில் இரண்டாகப் பிளப்பது ஒன்று: அந்தச் சாவி வரை உள்ளவை ஒரு மரமாகவும் அதற்கு மேற்பட்டவை இன்னொரு மரமாகவும் பிரிய வேண்டும். அப்படிப் பிரிந்த இரண்டையும் மறுபடி ஒன்றாகச் சேர்ப்பது மற்றொன்று. இவற்றை 10 லட்சம் கணுக்களையும் தொட்டுச் செய்ய யாராலும் முடியும். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்து, இரண்டு குவியலாகப் பிரித்து, இரண்டு புதிய மரங்களைக் கட்டிவிடலாம். தேடுவதற்கு ஆகும் அதே இருபது முப்பது படிகளில் இதைச் செய்து முடிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது.

பிளப்பதைத் தெளிவாகப் பார்க்க ஒன்பது சாவிகள் கொண்ட சிறிய மரம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

```
            41
         /      \
       20        63
      /  \      /  \
    12    35  56    70
         /    /
       27   48
```

இதை 50 என்ற இடத்தில் பிளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 50 என்ற சாவி மரத்தில் இல்லை, அதனால் பாதகமில்லை. செய்ய வேண்டியது, 50ஐத் தேடுவதுபோல வேரிலிருந்து இறங்குவதுதான். வழியில் வரும் ஒவ்வொரு கணுவிடமும் ஒரே கேள்வி: நீ 50க்குள்ளா, 50க்கு மேலா?

முதலில் 41. அது 50க்குள் அடங்குவது. ஆகவே சிறியவற்றின் மரத்துக்குப் போகிறது. அதன் இடப்பக்கம் இருக்கும் 20, 12, 35, 27 எல்லாம் 41ஐவிடச் சிறியவை என்பது ஏற்கெனவே உறுதி. ஆகையால் அவற்றைப் பார்க்கவே வேண்டியதில்லை, மொத்தமாக 41உடன் போய்விடும். 41இன் வலப்பக்கத் தொடுப்பு மட்டும் இப்போது திறந்து நிற்கிறது. சிறியவற்றில் அடுத்து வருவது எதுவோ அது அங்கே வந்து ஒட்டும். அடுத்தது 63. அது பெரியவற்றின் மரத்துக்கு வேராகிறது. வலப்பக்கம் இருக்கும் 70 கேள்வியின்றி அதனுடன் போகிறது. இங்கே 63இன் இடப்பக்கத் தொடுப்பு திறந்து நிற்கிறது. அடுத்து 56, அதுவும் பெரியவற்றைச் சேர்ந்தது. திறந்து நிற்கும் 63இன் இடப்பக்கத்தில் அது ஒட்டுகிறது. முன்பும் அது அங்கேதான் இருந்தது, எனவே உண்மையில் எதுவும் மாறவில்லை. இப்போது திறந்திருப்பது 56இன் இடப்பக்கம். கடைசியாக 48. அது சிறியவற்றைச் சேர்ந்தது. வெகுநேரமாகத் திறந்து நிற்கும் 41இன் வலப்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. அதற்குக் கீழே எதுவும் இல்லாததால் மீதமிருக்கும் திறந்த தொடுப்புகளை வெறுமையாக்கிவிட்டு வேலையை முடிக்கலாம்.

```
       41              63
      /  \            /  \
    20    48        56    70
   /  \
 12    35
      /
    27
```

ஒன்பது கணுக்களில் நான்கை மட்டுமே பார்த்தோம். அந்த நான்கிலும் உண்மையில் மாறிய தொடுப்புகள் இரண்டே: 41இன் வலப்பக்கம் 63ஐ விட்டு 48ஐப் பிடித்தது, 56இன் இடப்பக்கம் 48ஐ விட்டு வெறுமையானது. கோடாலி மரத்தின் நடுவே இறங்குவதாகக் கற்பனை செய்வதைவிட, சட்டையின் ஜிப்பைத் திறப்பதாக நினைத்துக்கொள்வது இதற்குப் பொருந்தும். தேடல் பாதைதான் ஜிப். அதன் பற்கள் இடமும் வலமுமாகப் பிரிகின்றன. துணி அப்படியே இருக்கிறது.

பிளப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. எந்தக் கணுவும் முன்பிருந்ததைவிட ஆழத்துக்குப் போவதில்லை. ஒரு கணுவுக்கு மேலே இருந்தவற்றில் சில எதிர்ப்பக்கம் போய்விடுவதால் அதன் ஆழம் குறையலாம். புதிதாக ஒன்று அதன் தலைமேல் வந்து உட்கார வழியே இல்லை. 48 இதற்குச் சான்று: நான்காம் நிலையில் இருந்தது இரண்டாம் நிலைக்கு ஏறிவிட்டது.

சேர்ப்பது இவ்வளவு சாதுவானதல்ல. முதலில் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இடப்பக்க மரத்தின் மிகப் பெரிய சாவிகூட வலப்பக்க மரத்தின் மிகச் சிறிய சாவியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அதாவது இரண்டு மரங்களின் சாவிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கக் கூடாது. நிபந்தனை சரியாக இருந்தாலும், எங்கே ஒட்டுவது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

எளிதாகத் தோன்றும் வழி, இடப்பக்க மரத்தின் மிகப் பெரிய கணுவைத் தேடி அதன் வலப்பக்கத்தில் மற்ற மரத்தை அப்படியே தொங்கவிடுவது. வரிசை கெடாது. ஆனால் இரண்டு மரங்களும் 20 நிலை உயரமாக இருந்தால் சேர்ந்த மரம் 40 நிலை வரை உயர்ந்துவிடலாம். கொஞ்சம் புத்திசாலித்தனமான வழி, மிகப் பெரிய அந்தக் கணுவைக் கழற்றி எடுத்து, அதைப் புதிய வேராக்கி, இரண்டு மரங்களையும் அதன் இரு தோள்களிலும் உட்கார வைப்பது. உயரம் ஒரு நிலைதான் கூடும். ஒரு முறை செய்தால் பிசகில்லை. ஒரு பெரிய மரத்தோடு ஒற்றைக் கணு மரங்களை ஒவ்வொன்றாக 100 முறை இப்படிச் சேர்த்துப் பார்த்தால்தான் வினை தெரியும். ஒவ்வொரு முறையும் பழைய மரம் ஒரு நிலை கீழே தள்ளப்படும். முடிவில் பெரிய மரத்தின் தலைமேல் 100 கணுக்கள் ஒற்றைச் சங்கிலியாக நிற்கும். அதற்குப் பிறகு எந்தத் தேடலும் முதலில் அந்தச் சங்கிலியில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆகவே எந்தக் கணு மேலே, எந்தக் கணு கீழே என்று தீர்மானிக்கும் விதி ஒன்று தேவை. அந்த விதி சேர்ப்பு நடந்த வரலாற்றைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. 1989இல் பெர்க்லியில் இருந்த செசிலியா ஆராகானும் ரைமுண்ட் சைடலும் வெளியிட்ட தீர்வு ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ஒவ்வொரு கணுவும் பிறக்கும்போதே அதற்குச் சீட்டுக் குலுக்கியதுபோல ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது. அந்த எண் முன்னுரிமை எனப்படும். சாவிகளைப் பொறுத்தவரை இடம் சிறியது, வலம் பெரியது என்ற பழைய விதி. முன்னுரிமையைப் பொறுத்தவரை மேலே இருப்பது எப்போதும் கீழே இருப்பதைவிடப் பெரியது என்ற புதிய விதி. முதல் விதி தேடல் மரத்துடையது, இரண்டாவது ஹீப் என்ற அமைப்புடையது. ட்ரீயும் ஹீப்பும் கலந்ததால் இதற்கு ட்ரீப் என்று பெயர்.

மேலே பார்த்த மரமே ஒரு ட்ரீப்பாக இருக்கக்கூடியதுதான். அதன் கணுக்களுக்கு விழுந்த முன்னுரிமைகள் இவை என்று கொள்ளலாம்: 41க்கு 95, 20க்கு 88, 63க்கு 81, 35க்கு 74, 56க்கு 67, 27க்கு 52, 48க்கு 40, 12க்கு 31, 70க்கு 22. படத்தில் எந்தக் கணுவை எடுத்தாலும் அதன் முன்னுரிமை அதற்கு மேலுள்ள கணுவின் முன்னுரிமையைவிடக் குறைவாக இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பிளந்த இரண்டு மரங்களையும் சேர்க்கலாம். இடப்பக்க மரத்தின் வேர் 41, முன்னுரிமை 95. வலப்பக்க மரத்தின் வேர் 63, முன்னுரிமை 81. பெரியது 95, ஆகவே 41 தான் மொத்தத்துக்கும் வேர். அதன் இடப்பக்கம் மாறத் தேவையில்லை. அதன் வலப்பக்கம் இருக்கும் 48ஐயும் 63ஐ வேராகக் கொண்ட மரத்தையும் சேர்த்து, கிடைப்பதை 41இன் வலப்பக்கத்தில் வைக்க வேண்டும். வேலை அதேதான், மரங்கள் மட்டும் சிறியவை. 48இன் முன்னுரிமை 40, 63உடையது 81, 63 வெல்கிறது. 63இன் வலப்பக்கம் மாறாது. இடப்பக்கம் இருக்கும் 56உடன் 48ஐச் சேர்க்க வேண்டும். 56இன் முன்னுரிமை 67, அது வெல்கிறது. 56இன் இடப்பக்கம் வெறுமை. வெறுமையோடு 48ஐச் சேர்த்தால் 48 தான். கட்டி முடித்துப் பார்த்தால் முதலில் இருந்த மரமே, ஒரு தொடுப்புகூட மாறாமல், திரும்ப வந்து நிற்கிறது.

இது தற்செயல் அல்ல. சாவிகளும் முன்னுரிமைகளும் முடிவாகிவிட்டால் ட்ரீப்புக்கு ஒரே ஒரு உருவம்தான் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய முன்னுரிமை உள்ள கணு வேராகாமல் வேறெங்கும் இருக்க முடியாது. வேர் தெரிந்ததும், மற்ற சாவிகளில் எவை இடம், எவை வலம் என்பதில் தேர்வுக்கு இடமில்லை. அந்த ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி பெரிய முன்னுரிமைதான் மேலே வரும். ஆகவே எத்தனை முறை வெட்டி எத்தனை முறை ஒட்டினாலும் மரத்தின் உருவம் அந்தப் பாட்டை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. முன்னே சொன்ன 100 நிலைச் சங்கிலி இங்கே உருவாவதற்குக் காரணமே இல்லை.

அந்த ஒரே உருவம் எது என்று கேட்டால், முன்னுரிமை பெரியதிலிருந்து சிறியது வரையான வரிசையில் சாவிகளைச் சாதாரணத் தேடல் மரத்தில் ஒவ்வொன்றாக நுழைத்தால் கிடைக்கும் மரம். முன்னுரிமைகள் குலுக்கலில் வந்தவை என்பதால், சாவிகளைக் கலைத்துப் போட்டு நுழைத்ததற்கு இது சமம். அப்படிக் கட்டிய மரம் சராசரியில் நன்றாகவே விரிந்திருக்கும். 10 லட்சம் சாவிகளுள்ள ட்ரீப்பில் நடுவாந்தரமான ஒரு சாவியை எட்ட எதிர்பார்க்கும் சராசரிப் படிகள் 26 சொச்சம். மிகச் சமமான மரத்தின் 20ஐவிட இது சற்றுக் கூடுதல்தான். ஆனால் சமநிலையைக் காக்கக் கணுக்களைச் சுழற்றும் வேலை, எந்தப் பக்கம் எவ்வளவு உயரம் என்ற கணக்கு எதுவும் கிடையாது. இந்தப் பேரம் பல நிரல்களுக்கு லாபமே.

இரண்டு செயல்களும் பைத்தான் மொழியில் இவ்வளவுதான்:

```python
def split(t, k):
    if t is None:
        return None, None
    if t.key <= k:
        a, b = split(t.right, k)
        t.right = a
        return t, b
    a, b = split(t.left, k)
    t.left = b
    return a, t

def merge(a, b):
    if a is None: return b
    if b is None: return a
    if a.prio > b.prio:
        a.right = merge(a.right, b)
        return a
    b.left = merge(a, b.left)
    return b
```

பிளக்கும் செயலில் முன்னுரிமை என்ற பேச்சே இல்லாததைக் கவனிக்கலாம். பிளக்கும்போது மேலே இருந்தது மேலேயேதான் இருக்கும் என்பதால் முன்னுரிமை விதி தானாகவே காப்பாற்றப்படுகிறது. அதேபோல, சேர்க்கும் செயல் சாவிகளைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் ஒன்றின் வேலையை மற்றொன்று தொடாமல் பிரித்துக்கொண்டிருக்கின்றன. இந்த அழகிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது, அது பின்னால்.

இந்த இரண்டும் கையில் இருந்தால் மற்றவற்றுக்குத் தனி வழி தேவையில்லை. 45 என்ற சாவியை நுழைக்க வேண்டுமா? மரத்தை 45இல் பிளந்து, புதிய ஒற்றைக் கணுவை நடுவில் வைத்து, இரண்டு முறை சேர்த்தால் முடிந்தது. நீக்குவதற்கும் அதே: அந்தச் சாவிக்கு முன்னும் பின்னும் பிளந்து, நடுத்துண்டை விட்டுவிட்டு, ஓரத்துண்டுகளைச் சேர்ப்பது. உண்மையான பயன் இதற்கு அப்பால் தொடங்குகிறது. 27 முதல் 56 வரை உள்ள அத்தனை சாவிகளையும் ஒரேயடியாக எடுக்க வேண்டும் என்றால், சாதாரண மரத்தில் ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும். இங்கே இரண்டு பிளப்பு, ஒரு சேர்ப்பு. நடுவில் இருப்பது ஐந்து சாவிகளோ ஐந்து லட்சமோ, செலவு பெரிதாக மாறுவதில்லை. எடுத்த துண்டும் தானே ஒரு முழு மரம். வேண்டுமானால் வேறொரு மரத்தோடு சேர்க்கலாம்.

இதே கருத்தை வரிசை இலக்கத்துக்கும் நீட்டலாம். சாவி என்று எதையும் எழுதிவைக்காமல், ஒவ்வொரு கணுவிலும் அதையும் அதன் கீழேயும் சேர்த்து மொத்தம் எத்தனை கணுக்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்வது. அந்த எண்ணிக்கையைக் கொண்டு முதல் 2 லட்சம் உறுப்புகள் இந்தப் பக்கம், மற்றவை அந்தப் பக்கம் என்று இடக்கணக்கில் பிளக்க முடியும். 10 லட்சம் எழுத்துகள் கொண்ட ஆவணத்தில் நடுவிலுள்ள ஒரு லட்சம் எழுத்துகளை வெட்டி முடிவில் ஒட்டுவது இப்படி நூற்றுக்கணக்கான படிகளில் நடந்துவிடும். எழுத்துகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்திருந்தால் அந்த ஒரு லட்சத்தோடு, அவற்றுக்குப் பின்னால் இருப்பவை எல்லாவற்றையுமே நகர்த்த வேண்டியிருக்கும்.

இனி, எங்கே தவறு நேர்கிறது என்பது. சேர்க்கும் செயல் சாவிகளைப் பார்ப்பதில்லை என்றதன் விளைவு இதுதான்: நிபந்தனையை மீறிய இரண்டு மரங்களைக் கொடுத்தாலும் அது முகம் சுளிக்காமல் சேர்த்துத் தந்துவிடும். இடப்பக்க மரத்தில் 48 இருந்து, வலப்பக்க மரத்தில் 45 இருந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. மரம் நிற்கும், முன்னுரிமை விதியும் சரியாக இருக்கும். எப்போதோ ஒரு நாள் 45ஐத் தேடும்போது, அது மரத்தில் இருந்தும் இல்லை என்று பதில் வரும். இதைக் கண்டுபிடிக்க நிச்சயமான வழி, மரத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை முழுக்க வாசிப்பது. எங்காவது ஒரு சாவி தனக்கு முந்தையதைவிடச் சிறியதாக வந்தால் தவறான சேர்ப்பு நடந்திருக்கிறது. சோதனைக் காலத்தில் ஒவ்வொரு சேர்ப்புக்கும் முன்னால் இடப்பக்கத்தின் பெரியதையும் வலப்பக்கத்தின் சிறியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவைப்பது நல்லது.

இன்னொரு பிழை பழைய பெயரை நம்புவதால் வருவது. மேலே உள்ள நிரல் புதிய மரங்களை உருவாக்குவதில்லை. இருக்கும் கணுக்களின் தொடுப்புகளையே மாற்றுகிறது. 41ஐ வேராகக் கொண்ட மரத்துக்கு t என்று பெயர் வைத்திருந்து, அதைப் பிளந்த பிறகும் t முழு மரம் என்று எண்ணிப் பயன்படுத்தினால், அது இப்போது 48 வரை உள்ள பாதி மரம் மட்டுமே. பிளந்த கணத்திலேயே பழைய பெயர் செத்துவிட்டதாகக் கருத வேண்டும். எண்ணிக்கையைக் கணுவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் உடன்பிறப்பான ஒரு பிழை உண்டு: தொடுப்பை மாற்றிவிட்டு எண்ணிக்கையைத் திருத்த மறப்பது. அதன் அடையாளம், வேரில் எழுதியுள்ள எண்ணிக்கையும் வாசித்து எண்ணிய எண்ணிக்கையும் வேறுபடுவது.

எல்லைச் சாவி எந்தப் பக்கம் என்பதிலும் தெளிவு வேண்டும். மேலே உள்ள நிரலில் எல்லைக்குச் சமமானது இடப்பக்கம் போகும். 27 முதல் 56 வரை வெட்டும்போது மேல் எல்லைக்கு இது சரி. கீழ் எல்லைக்கும் இதையே அப்படியே பயன்படுத்தினால் 27 இடப்பக்கம் நழுவி, நீக்கத்திலிருந்து தப்பிவிடும். முழு எண்களானால் 26இல் பிளந்து சமாளிக்கலாம். பெயர்களோ பின்னங்களோ ஆனால் சமமானதை வலப்பக்கம் அனுப்பும் இன்னொரு பிளப்பு தேவைப்படும்.

முன்னுரிமை உண்மையிலேயே குலுக்கலில் வர வேண்டும் என்பதையும் சிலர் அலட்சியம் செய்வதுண்டு. வசதிக்காக 1, 2, 3 என்று வரும் வரிசையில் முன்னுரிமை கொடுத்து, சாவிகளும் ஏறுவரிசையில் வந்துவிட்டால் மரம் ஒரே நீளச் சங்கிலியாகிவிடும். பைத்தானில் இது தானாகவே காட்டிக்கொடுக்கும்: ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்லும் அழைப்புகளுக்கு அங்கே வழக்கமான வரம்பு 1000. ஆரோக்கியமான ட்ரீப் 10 லட்சம் சாவிகளிலும் அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஆகவே `RecursionError` என்று திரையில் வந்தால் வரம்பைக் கூட்டுவதற்கு முன் முன்னுரிமைகளைப் பார்ப்பது நல்லது. குலுக்கல் எண்கள் முன்கூட்டியே தெரிந்த ஒருவர் வேண்டுமென்றே மோசமான சாவிகளை அனுப்பவும் வாய்ப்புண்டு என்பதால், வெளியார் தரும் தரவைச் சேமிக்கும் இடங்களில் குலுக்கலின் தொடக்க எண்ணை யாரும் ஊகிக்க முடியாதபடி வைக்க வேண்டும்.

குலுக்கலே வேண்டாம், உறுதியான உயரம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னும் பழைய வழி உண்டு. 1962இல் சோவியத் ஒன்றியத்தின் ஜார்ஜி அடெல்சன்-வெல்ஸ்கியும் எவ்கேனி லாண்டிஸும் வகுத்த ஏவிஎல் மரத்தில், எந்தக் கணுவின் இரண்டு பக்க உயரங்களும் ஒரு நிலைக்கு மேல் வேறுபடக் கூடாது. இத்தகைய மரங்களைப் பிளப்பதையும் சேர்ப்பதையும் சில படிகளில் முடிக்கலாம் என்பதை 1972இல் ஸ்டான்ஃபோர்டில் கிளார்க் கிரேன் தம் ஆய்வேட்டில் காட்டினார். இங்கே சேர்ப்பதற்கு நடுவில் ஒரு சாவியும் வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு மரத்தின் ஓரத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். இடப்பக்க மரம் 20 நிலை உயரம், வலப்பக்க மரம் 5 நிலை உயரம் என்றால், இரண்டையும் வேர் மட்டத்தில் ஒட்டினால் விதி உடையும். அதற்குப் பதிலாக, உயர்ந்த மரத்தின் வலது விளிம்பு வழியே இறங்கி, 5 அல்லது 6 நிலை உயரமே மீதமுள்ள இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே நடுச்சாவியைக் கணுவாக நட்டு, அதன் இடப்பக்கம் அந்த மீதியையும் வலப்பக்கம் குட்டை மரத்தையும் வைப்பது. அந்த இடத்தில் உயரம் ஒரு நிலை கூடலாம். மேலேறும் வழியில் தேவையான இடத்தில் சுழற்றிச் சரிசெய்தால் போதும். செலவு, இரண்டு உயரங்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது.

ஏவிஎல் மரத்தைப் பிளப்பது இந்தச் சேர்ப்பையே நம்பியிருக்கிறது. தேடல் பாதையில் இறங்கும்போது உதிரும் துண்டுகளைக் கீழிருந்து மேலாக, பாதையிலிருந்த சாவிகளையே நடுச்சாவிகளாக வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இத்தனை சேர்ப்புகளா என்று முதலில் மலைப்பாக இருக்கும். ஆனால் துண்டுகள் மேலே போகப் போக உயரமானவை. அவற்றின் உயரங்கள் 1, 3, 6, 10 என்றால் செலவுகள் ஏறத்தாழ 2, 3, 4, கூட்டினால் 9. கடைசி உயரத்திலிருந்து முதல் உயரத்தைக் கழித்தாலும் அதே 9. ஒரு சேர்ப்பின் வித்தியாசம் எங்கே முடிகிறதோ அங்கேதான் அடுத்தது தொடங்குகிறது என்பதால், மொத்தச் செலவு மரத்தின் உயரத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது.

ஓகேமல் என்ற நிரல்மொழியோடு வரும் கணத் தொகுப்பு ஏறத்தாழ இந்த வகையைச் சேர்ந்த மரத்தையே உள்ளே வைத்திருக்கிறது. உயர வித்தியாசத்துக்கு மட்டும் அதில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு நிலை அனுமதி. அதன் பிளக்கும் செயல் மூன்று விடைகளைத் தரும்: சிறியவை, கேட்ட சாவி இருந்ததா இல்லையா, பெரியவை. எல்லைச் சாவி எந்தப் பக்கம் என்ற சண்டையே எழாதபடி செய்யும் நல்ல ஏற்பாடு அது.

சாவிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த இரண்டு மரங்களை என்ன செய்வது என்பது மீதமிருக்கிறது. மேலே சொன்ன சேர்ப்பு அவற்றுக்கு உதவாது. ஆனால் பிளப்பும் சேர்ப்பும் இணைந்து அதற்கும் வழி தருகின்றன. இரண்டு ட்ரீப்புகளின் வேர்களில் பெரிய முன்னுரிமை உடையதை எடுத்து, அதன் சாவியின் இடத்தில் மற்ற மரத்தைப் பிளக்க வேண்டும். அதே சாவி அங்கேயும் இருந்தால் அந்த நகலை விட்டுவிடலாம். இப்போது இடத்துண்டு இந்த வேரின் இடப்பக்கத்தோடும் வலத்துண்டு வலப்பக்கத்தோடும் இதே முறையில் கலக்க வேண்டியவை. இரண்டு பக்கங்களும் ஒன்றை ஒன்று தொடாதவை என்பதால் ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளிடம் ஒப்படைக்கவும் முடியும். இதை 1998இல் கை பிளெலாக்கும் மார்கரெட் ரீட்-மில்லரும் விரிவாக ஆராய்ந்தார்கள். 10 லட்சம் சாவிகளுள்ள மரத்தில் 1000 சாவிகளுள்ள மரத்தைக் கலக்கும்போது, செலவு 1000ஐ 10ஆல் பெருக்கிய அளவை ஒட்டியிருக்கும் என்பது அவர்களுடைய வரம்பு தரும் கணக்கு. ஒவ்வொன்றாக நுழைத்தால் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆகும். இரண்டையும் முழுக்க வாசித்துக் கலந்தால் 10 லட்சத்தையும் தொட வேண்டியிருக்கும். சிறிய மரத்தின் சாவிகள் எல்லாம் பெரிய மரத்தின் ஒரே இடைவெளிக்குள் விழுந்துவிட்டால் செலவு இதைவிடவும் வெகுவாகக் குறையும். அப்போது பெரிய மரம் அந்த ஒரே இடத்தில் திறந்து, சிறியதை உள்ளே வாங்கிக்கொண்டு மூடிக்கொள்கிறது.